லைஃப் ஜாக்கெட்டை எப்போது ஊதுவது என்று யார் சொல்வது? ஒரு விமான நிறுவனத்துக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து வளைகுடா நகரங்களுக்கு விமானம் விடும் உங்கள் நிறுவனத்தின் பயணிகள் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

புதுக்கோட்டை மாவட்டத்தில் சிறியதாக ஒரு ட்ராவல்ஸ் நடத்துகிறேன். என்னிடம் டிக்கெட் எடுப்பவர்களில் பெரும்பாலோர் சென்ட்ரிங் வேலைக்கும், டிரைவர் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். உங்கள் விமானத்தின் பாதுகாப்பு அட்டையில் தமிழ் விளக்கமும் வேண்டும் என்று நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு உங்கள் அலுவலகம் பதில் போட்டிருந்தது. அட்டையிலுள்ள படங்கள் எந்த மொழிக்காரருக்கும் புரியும்படி வரையப்பட்டவை, கூடவே அரபியிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் இருக்கிறது, விதிமுறைக்கு அது போதும் என்பது அதன் சாரம். அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. காலையில் டீக்கடையில் தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்கள். வேலை ஒப்பந்தத்தில் ஓவர்டைம் கணக்கு எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறவர்கள். தமிழில் இருந்தால் படிப்பார்கள். உங்கள் அட்டையில் தமிழ் இல்லை. அதனால் அவர்களுக்கு அந்த அட்டையில் மிச்சம் இருப்பது படம் மட்டும்தான்.

படம் மட்டும் இருந்தால் என்ன ஆகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஏ320 விமானத்தில் போனபோது அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, ஊருக்கு வந்ததும் பெரிய தாளில் கலரில் பிரிண்ட் போட்டு, கடையில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். விளக்கங்கள் அரபியிலும் ஆங்கிலத்திலும் உள்ளது உள்ளபடியே இருந்தன. டிக்கெட்டுக்காகக் காத்திருக்கிறவர்களிடம் ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது என்ன செய்யச் சொல்லுதுண்ணு பாருங்க" என்று கேட்பேன். சொன்னதைக் குறித்து வைத்துக்கொள்வேன். இது ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் விமானத்தில் உட்காரப் போகிறவர்களிடமே கேட்டது.

சீட் பெல்ட் படம் எல்லோருக்கும் புரிந்தது. ஆக்ஸிஜன் முகமூடியும் பரவாயில்லை. சிகரெட் பிடிக்காதே என்பதில் சந்தேகமே இல்லை. சிக்கல் வந்தது மூன்று இடங்களில். உயிர் போகிற இடங்களும் அவைதான்.

லைஃப் ஜாக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அட்டையில் அதற்கு ஆறு கட்டங்கள், மேலே மூன்று, கீழே மூன்று. எந்தக் கட்டத்துக்கும் எண் கிடையாது. இருக்கைக்கு அடியிலிருந்து பையை இழுப்பது, பையைக் கிழித்து ஜாக்கெட்டை எடுப்பது, தலை வழியாக மாட்டிக்கொள்வது என்று மேல் வரிசை போகிறது. இடுப்பைச் சுற்றிப் பட்டையைக் கட்டி இறுக்குவது, சிவப்புப் பிடியைக் கீழே இழுப்பது, அதில் காற்று நிரம்பாவிட்டால் தோளருகே உள்ள குழாயை வாயில் வைத்து ஊதுவது என்று கீழ் வரிசை. கடைக்கு வந்தவர்களில் சிலர் இடமிருந்து வலமாகப் பார்த்தார்கள். சிலர் முதல் கட்டத்திலிருந்து நேராகக் கீழே இறங்கி, அப்புறம் அடுத்த பத்திக்குப் போனார்கள். அப்படிப் பார்க்கிறவருக்கு ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்ததுமே, தலையில் மாட்டும் முன்பே, சிவப்புப் பிடியை இழுப்பதுதான் அடுத்த வேலை. கட்டத்துக்கு ஒரு எண் போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்தே இருக்காது. இதற்கு மொழிகூடத் தேவையில்லை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

வரிசையைச் சரியாகப் பிடித்தவர்களுக்கும் ஐந்தாவது கட்டம் பிடிபடவில்லை. அதில் ஒருவர் நின்றுகொண்டு சிவப்புப் பிடியை இழுக்கிறார். அவருக்கு இரு பக்கமும் இரண்டு கோடுகள். அந்தக் கோடுகள்தான் விமானத்தின் கதவு. கதவுக்கு வந்து, வெளியேறும் நேரத்தில்தான் இழுக்க வேண்டும் என்பது அந்த இரண்டு கோட்டுக்குள் அடங்கியிருக்கிறது. கீழே ஆங்கிலத்தில் அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலம் படிக்காதவருக்கு அது கோடு, அவ்வளவுதான். ஒருவர் அதை லிஃப்ட் என்றார். ஒருவர் பாத்ரூம் வாசல் என்றார். பக்கத்திலேயே, ஊதிய ஜாக்கெட்டோடு சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் சின்னப் படத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பெரியவர் சொன்ன அர்த்தம் இது: "ஜாக்கெட்டைப் போட்டாச்சுன்னா உக்காரக் கூடாது, எந்திரிச்சு நிக்கணும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. என்ன செய்ய வேண்டும் என்பதைப் படம் காட்டிவிடும். எப்போது செய்ய வேண்டும், எதுவரை செய்யாமல் இருக்க வேண்டும் என்பதைப் படத்தால் காட்டுவது கஷ்டம். லைஃப் ஜாக்கெட்டில் உயிரைக் காப்பாற்றுவது அந்த 'எப்போது'தான்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இதைப் படிக்கும் பயணிகளுக்காகச் சொல்கிறேன். 1996 நவம்பர் 23-ஆம் தேதி, எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் 961-ஆம் எண் விமானத்தைச் சிலர் கடத்தினார்கள். எரிபொருள் தீர்ந்துபோக, கொமொரோஸ் தீவின் கரையோரம் கடலில் அதை இறக்க வேண்டி வந்தது. போயிங் 767 ரக விமானம் அது. இறங்கிய வேகத்தில் உடைந்தது. உள்ளே இருந்த 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். மோதியதிலேயே இறந்தவர்கள் உண்டு. ஆனால் தண்ணீரில் இறங்கும் முன்பே ஜாக்கெட்டை ஊதிவிட்டு, அதனால் வெளியே வர முடியாமல் போனவர்களும் அதில் இருந்தார்கள்.

காரணம் எளிமையானது. பெரியவர்களுக்கான ஜாக்கெட் நிரம்பிவிட்டால் கிட்டத்தட்ட 16 கிலோ அளவுக்கு ஆளை மேலே தூக்கும். திறந்த கடலில் அதுதான் உயிர். விமானத்துக்குள் தண்ணீர் ஏறும்போது அதே ஜாக்கெட் ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் மேற்கூரையில் ஒட்டவைத்துவிடும். கதவோ தண்ணீருக்கு அடியில் இருக்கும். முங்கி அதன் வழியாக வெளியே வரப் பார்த்தால் ஜாக்கெட் விடாது. ஊதாத ஜாக்கெட் என்றால் தடையில்லாமல் முங்கி வந்துவிடலாம். இது தெரிந்தவர் பயத்திலும் கையை அடக்கிக்கொள்வார். தெரியாதவர் கையில் கிடைத்ததும் இழுப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் மட்டும் சரியாகச் செய்துவிடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009 ஜனவரி 15-ஆம் தேதி நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய யு.எஸ். ஏர்வேஸ் விமானமும் ஏ320 தான். அதிலிருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அந்த விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கைப்படி, லைஃப் ஜாக்கெட் கிடைத்ததாகச் சொன்ன பயணிகள் சுமார் 33 பேர். அவர்களில் இடுப்புப் பட்டையைத் தாங்களே கட்டி முடித்ததாக உறுதியாகச் சொன்னவர்கள் 4 பேர்தான். அங்கே பெரும்பாலோருக்கு அட்டையின் மொழி புரியும். படிக்கவில்லை, அல்லது அந்த நேரத்தில் கை ஓடவில்லை. மொழி தெரிந்தவர்களுக்கே இந்த நிலைமை என்றால், படிக்க நினைத்தாலும் படிக்க முடியாதவருக்கு என்ன நிலைமை? அட்டை இருந்தும் படிக்காதது பயணியின் பொறுப்பு. படிக்க முடியாத அட்டையைக் கொடுத்தது யார் பொறுப்பு?

இரண்டாவது சிக்கல், இறக்கைக்கு மேலே இருக்கும் அவசர வழி. ஏ320-ல் இரண்டு பக்கமும் சேர்த்து அப்படி நான்கு இருக்கின்றன. மற்றக் கதவுகளை உங்கள் ஊழியர்கள் திறப்பார்கள். இதைத் திறக்க வேண்டியவர் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் பயணி. காலை நீட்ட இடம் இருக்கிறதே என்று எங்கள் ஆட்கள் ஆசைப்பட்டு அங்கே போய் உட்காருவார்கள். உங்கள் பணிப்பெண் வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்பார். இவர் தலையாட்டுவார். பணிப்பெண் போய்விடுவார். நான் பயணம் செய்த அன்றும் அப்படித்தான் நடந்தது. அந்தத் தம்பி எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தான். இறங்கும்போது, "என்னப்பா கேட்டாங்க" என்றேன். "சீட் வசதியா இருக்கான்னு கேட்டாங்கண்ணே" என்றான். அவசர நேரத்தில் இந்த வழியைத் திறந்து உதவ முடியுமா என்றுதான் அந்த அம்மா கேட்டிருக்க வேண்டும். சரி என்று ஒப்புக்கொண்டது தனக்கே தெரியாமல் அவன் கடல் தாண்டிப் பறந்துவிட்டு வந்திருக்கிறான்.

அந்தப் பலகையைத் திறப்பது சாதாரண வேலை இல்லை. சாதாரணக் கதவு மாதிரி அதற்குக் கீல் கிடையாது. மேலே உள்ள மூடியை எடுத்து, கைப்பிடியை இழுத்தால், பலகை மொத்தமாகக் கழன்று உள்பக்கம் சாயும். சுமார் 15 கிலோ. அதை இரண்டு கையாலும் தாங்கி, வெளியே எறிந்துவிட்டுக் கால் வைக்க வேண்டும். அதற்கும் முன்னால், வெளியே தீயோ புகையோ இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். இருந்தால் திறக்கவே கூடாது. உங்கள் அட்டையில் இது ஜன்னலில் ஒரு கண், வெளியே கொஞ்சம் தீ, மேலே ஒரு பெருக்கல் குறி. இந்தப் படத்தைப் பார்த்த ஒருவர், ஜன்னல் கண்ணாடியைத் தொடாதே, சுடும் என்று புரிந்துகொண்டார்.

இந்த வழியைத் திறக்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1985 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்தது இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்டூர்ஸின் போயிங் 737 ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது என்ஜின் வெடித்துத் தீப்பிடித்தது. விமானம் மேலே எழும்பவே இல்லை, தரையிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். வலது பக்க இறக்கை வழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பயணி அதைத் திறக்கப் பார்த்தார். அவர் பிடித்து இழுத்தது பலகையோடு சேர்ந்திருந்த கை வைக்கும் தாங்கியை. அதுதான் கைப்பிடி என்று நினைத்துவிட்டார். பக்கத்து சீட்டில் இருந்தவர் எட்டிச் சரியான கைப்பிடியை இழுத்தார். சுமார் 22 கிலோ எடையுள்ள பலகை அப்படியே உள்ளே விழுந்து, முதலாமவரைச் சீட்டோடு அமுக்கியது. பின்னால் இருந்தவர்கள் அதைத் தூக்கி அகற்றிய பிறகுதான் வழி பிறந்தது. இதற்குள் விமானம் நின்று முக்கால் நிமிடம் ஆகிவிட்டது. புகை நிறைந்த விமானத்தில் முக்கால் நிமிடம் என்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே தடுமாறியவர்கள் தங்கள் தாய்மொழியிலேயே அறிவிப்பைக் கேட்டவர்கள். எது கைப்பிடி, இழுத்தால் பலகை எந்தப் பக்கம் வரும், எவ்வளவு கனம் என்ற மூன்றும் முன்கூட்டியே மனதில் இருந்திருக்க வேண்டும். உங்கள் அட்டையில் இந்த மூன்றும் இருக்கின்றன, ஆங்கிலத்தில்.

மூன்றாவது, மோதலுக்குத் தயாராகக் குனிந்துகொள்ளும் நிலை. இந்தப் படத்துக்குத்தான் கடையில் விதவிதமான பதில்கள் கிடைத்தன. வாந்தி எடுக்கிறார், தலைவலி, தொழுகிறார், தூங்குகிறார். ஒரு பாட்டி, "பயத்துல அழுவுறாரு" என்றார். ஆபத்து நேரத்தில் நாம் செய்ய வேண்டியது இது என்று சொன்னவர்கள் குறைவு. அப்படிப் புரிந்தவர்களும் தலையைத்தான் கவனித்தார்கள், காலைக் கவனிக்கவில்லை.

காலில்தான் விஷயமே இருக்கிறது. 1989 ஜனவரி 8-ஆம் தேதி இங்கிலாந்தில் கெக்வொர்த் கிராமத்தருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதி விழுந்த பிரிட்டிஷ் மிட்லேண்ட் விமானத்தில் 126 பேர் இருந்தார்கள், 47 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களின் காயங்களை மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். மோதும் வேகத்தில் கால்கள் முன்னால் வீசப்பட்டு, முன் சீட்டின் அடியில் அடிபட்டு உடைந்திருந்தன. கால் உடைந்தவர் எப்படி எழுந்து ஓடுவார்? அதிலிருந்துதான் இன்று பல அட்டைகளில் பார்க்கும் நிலை வந்தது. பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். தலை முன் சீட்டின் முதுகில் அழுந்தியிருக்க வேண்டும். கைகள் பின்மண்டையின் மேல், விரல்களைக் கோர்க்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே இருந்து பெட்டி விழுந்தால் தலைக்கு அடி படாமல் இருக்கவும், தலை முன்னால் வீசப்பட்டு மோதாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. விமானம் ஒரு தடவை மோதியதோடு நிற்காது, அதனால் அது முழுசாக நிற்கும்வரை நிமிரக் கூடாது.

இதில் எந்த ஒன்றையும் உங்கள் படத்தைப் பார்த்து யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. பாதம் பின்னால் இருப்பதைப் படத்தில் வரைந்திருக்கிறீர்கள்தான். ஆனால் அது வேண்டுமென்றே அப்படி வரையப்பட்டது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? முழங்காலிலிருந்து ஒரு புள்ளிக்கோடு, பாதத்துக்கு ஒரு அம்புக்குறி, கீழே தமிழில் ஒரு வரி. அவ்வளவு போதும்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் உங்கள் ஊழியர்கள் கத்தப் போவது ஆங்கிலத்தில். பிரேஸ், பிரேஸ் என்பார்கள். ஹெட்ஸ் டவுன் என்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே முதல் சொல் பல்லில் மாட்டும் கம்பியைத்தான் ஞாபகப்படுத்தும். தமிழ்நாட்டு விமானத்துக்காக அந்தக் கட்டளையை மாற்றச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் இப்படிக் குனிய வேண்டும் என்று, அந்தச் சத்தத்தையே தமிழ் எழுத்தில் எழுதி அட்டையில் போடுங்கள் என்கிறேன். ஊழியர் கத்துவதும் பயணி செய்வதும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேரும்.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். வீடியோ காட்டுகிறோமே என்று எழுதியிருந்தீர்கள். வீடியோவில் பேச்சும் எழுத்தும் அரபியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகின்றன. சில நாட்களில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் விமானத்தில் இருப்பார். அன்றைக்கு ஒரு வரவேற்பு அறிவிப்பு தமிழில் வரும். எங்கள் மண்ணின் விருந்தோம்பல் பற்றியெல்லாம் சொல்வார்கள். ஜாக்கெட்டை எப்போது ஊதுவது என்று சொல்ல மாட்டார்கள்.

ஆபத்தில் ஊழியர்கள் வழிகாட்டுவார்கள் என்பது இன்னொரு பதில். உண்மைதான். 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஊழியர்களின் சாமர்த்தியம் அதில் பெரிய பங்கு. ஆனால் அந்த விமானத்தில் அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. ஊழியர்கள் கையில் ஒலிபெருக்கியை வைத்தும் வெறும் தொண்டையாலும் கத்தியே ஆட்களை நகர்த்தினார்கள். எட்டு வழிகளில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. அப்படி ஒரு நேரத்தில் ஒரு ஊழியரின் குரல் எத்தனை வரிசைக்குக் கேட்கும்? கேட்கும் தூரத்தில் இருப்பவருக்கு அந்த மொழி புரியாவிட்டால்? புறப்படும் முன்பு அமைதியாக உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் எதைப் படித்தாரோ அது மட்டும்தான் அப்போது அவருடன் இருக்கும்.

விதிமுறைக்கு இது போதும் என்று எழுதியிருந்தீர்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆறாவது இணைப்பு, அவசர வழிகளும் லைஃப் ஜாக்கெட்டும் எங்கே இருக்கின்றன, எப்படிப் பயன்படுத்துவது என்பது பயணிகளுக்குப் பரிச்சயமாகும்படி செய்யும் பொறுப்பை நிறுவனத்தின் மேல்தான் வைக்கிறது. அட்டையைச் செருகிவைத்தாலே பரிச்சயமாகிவிட்டதாக எடுத்துக்கொள்வது உங்கள் வசதி. படங்கள் எல்லோருக்கும் புரியும் என்பதையும் சும்மா சொல்லிவிட முடியாது, அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. எச்சரிக்கைக் குறிகளுக்கான அமெரிக்கத் தரவிதிப்படி, காட்டிப் பார்த்தவர்களில் குறைந்தது 85 சதவீதம் பேர் ஒரு குறியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆபத்தில் கொண்டுபோய் விடும்படி தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்ததும் பிடியை இழு என்று புரிந்துகொள்வது அந்தத் தலைகீழ் வகைதான். உங்கள் படங்களைத் தமிழ்நாட்டுப் பயணிகளிடம் இப்படி எப்போதாவது காட்டிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் முடிவை வெளியிடுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். காலையில் சென்னைக்கு வரும் விமானம் மாலையில் கராச்சிக்கோ மணிலாவுக்கோ போகும். ஒரு அட்டையில் இருபது மொழியை அடைத்தால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும், படம் சுருங்கிவிடும். அது இப்போது இருப்பதைவிட மோசம். அதனால் அந்த அட்டையிலேயே தமிழைத் திணிக்கச் சொல்லவில்லை.

என் கடையில் நான் செய்வதையே தொடர்ந்தால் போதுமே என்றும் யாரும் சொல்ல வேண்டாம். இப்போது அந்தப் பிரிண்ட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டு, தமிழில் எழுதி ஒட்டி, டிக்கெட் வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறேன். ஆனால் அது ஏ320-ன் அட்டை. என்னிடம் டிக்கெட் எடுத்தவர் போயிங் 737-800-ல் போனால், அங்கே இறக்கை வழிக்கு மேல்பக்கம் கீல் இருக்கும். கைப்பிடியை இழுத்ததும் பலகை தானாக வெளியே மேல்நோக்கித் திறக்கும். உள்ளே சாயும், தாங்கிப் பிடி என்று நான் சொல்லிக்கொடுத்தது அங்கே பொருந்தாது. கடைசி நேரத்தில் நீங்கள் விமானத்தையே மாற்றினால் எனக்கு எப்படித் தெரியும்? எந்த விமானம், எந்த இருக்கை அமைப்பு என்று தெரிந்த ஆள் நீங்கள் மட்டும்தான். எனவே இது உங்கள் வேலை.

நான் கேட்பவை இவை.

அடுத்த முறை அட்டை அச்சடிக்கும்போது எல்லாக் கட்டங்களுக்கும் எண் போடுங்கள். ஐந்தாவது கட்டத்தில் அந்த இரண்டு கோடுகளுக்குப் பதிலாக விமானத்தின் கதவையும், வெளியே தண்ணீரையும் தெரியும்படி வரையுங்கள். குனியும் நிலைப் படத்தில் பாதத்தை அம்புக்குறியால் காட்டுங்கள். இது எல்லா நாட்டுப் பயணிக்கும் உதவும். கூடுதல் மொழி எதுவும் இதற்குத் தேவைப்படாது.

தமிழ்நாட்டு விமான நிலையங்களுக்கு வந்து போகும் விமானங்களில், அந்தந்த விமான ரகத்துக்கு ஏற்றபடி தமிழில் ஒரு துணை அட்டை வையுங்கள். சீட் பையில் வைக்க இடமில்லை என்றால் போர்டிங் கேட்டில் கையில் கொடுங்கள். முன் சீட்டில் திரை உள்ள விமானங்களில் அதே படங்களைத் தமிழ் விளக்கத்தோடு அதில் காட்டுங்கள். விளக்கம் அலங்காரமாக இருக்க வேண்டாம். "ஜாக்கெட்டை மாட்டிப் பட்டையை இறுக்கவும். விமானத்துக்குள் இருக்கும்போது ஊத வேண்டாம். கதவுக்கு வந்ததும் சிவப்புப் பிடியை இழுக்கவும்." இந்த நீளம் போதும். ஊழியர்கள் கத்தும் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அதில் சேருங்கள்.

இறக்கை வழி இருக்கைகளில், பயணி தலையாட்டியதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ் தெரிந்த ஊழியர் இருந்தால் அவர் கேட்கட்டும். இல்லாவிட்டால் தமிழில் எழுதிய ஒரு தாளைக் காட்டி, கைப்பிடி எது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொட்டுக் காட்ட முடியாதவரை மரியாதையாக வேறு சீட்டுக்கு மாற்றுங்கள். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு விற்ற சீட்டாக இருந்தாலும் அப்படித்தான், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

அச்சடிக்கும் முன்பு, புது அட்டையை இந்த வழித்தடத்தில் பறக்கும் தமிழ்ப் பயணிகளிடம் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். தலைநகர அலுவலகத்தில் ஆங்கிலம் பேசும் தமிழரிடம் காட்டிவிட்டுக் கணக்கை முடித்துவிட வேண்டாம். ஆள் வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள். திங்கட்கிழமை காலையில் விசா, டிக்கெட் என்று வருகிறவர்கள் திண்ணை வரை உட்கார்ந்திருப்பார்கள். நான் குறித்து வைத்திருக்கும் பதில்களையும் பிரதி எடுத்துத் தருகிறேன்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். படங்கள் எல்லோருக்கும் புரியும் என்ற அதே வரி மறுபடியும் வந்தால், இந்த மடலையும் அட்டையின் படங்களையும் பயணிகள் சொன்ன பதில்களையும் சேர்த்து விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் விமானத்தில் ஆட்களை அனுப்பிவைக்கும் ஒரு ட்ராவல்ஸ்காரர்,
புதுக்கோட்டை மாவட்டம்